நேர்முடிவு எல்லாம் நோயாகுமா?
பரிசோதனை முடிவைக் கணக்கிட்டு அறியும் முறை

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் 60 பேரிடம் ஒரு சிறு கணக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 20 பேர் இறுதியாண்டு மாணவர்கள். 20 பேர் பயிற்சி டாக்டர்கள். எஞ்சிய 20 பேர் நன்கு அனுபவம் பெற்ற டாக்டர்கள். கணக்கு இதுதான்: ஒரு நோய் ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் காணப்படுகிறது. அதனைக் கண்டறியும் பரிசோதனையில், நோயில்லாதவர்களுள் நூற்றுக்கு 5 பேருக்கு நோய் இருப்பதாகத் தவறாக முடிவு வருகிறது. ஒருவரைப் பற்றி வேறொன்றும் தெரியாத நிலையில், அவருக்கு இப்பரிசோதனையில் நோய் இருப்பதாக முடிவு வந்தால், அவருக்கு உண்மையில் நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு?

27 பேர் கூறிய விடை, நூற்றுக்கு 95 என்பதாகும். மற்ற எந்த விடையையும் இத்தனை பேர் கூறவில்லை. சரியான விடை நூற்றுக்குச் சுமார் 2. அதனைக் கூறியவர்கள் 11 பேரே.

கற்றறிந்த மருத்துவர்களும் இவ்வாறு தவறியதற்குக் கணித அறிவின் குறைவு காரணமன்று. கணக்கில் கூட்டல், பெருக்கல், வகுத்தல் என்பவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற செய்தியைப் பெரும்பாலோர் படித்தார்கள். ஆனால் விடை காணும்பொழுது அதனைப் பயன்படுத்தவில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு நோய் பொதுவாக எந்த அளவில் இருக்கிறதோ, அதற்கு ‘அடிப்படை விகிதம்’ என்று பெயர். இதனைக் கைவிட்டு, கண்முன் உள்ள ஒரு முடிவை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுவது மனித மனத்தின் இயல்பான பிழைகளுள் ஒன்றாகும். நம் நாட்டில் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை நடைபெறும் முறையை உதாரணமாகக் கொண்டு, இப்பிழை எவ்வாறு நேருகிறது, அதனை எவ்வாறு தவிர்க்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு கேள்விகள்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பரிசோதனையில் நோய்க்கான அடையாளம் தென்பட்டால், மருத்துவமனைகளில் அதனைப் ‘பாசிட்டிவ்’ என்பர். இங்கே அதனை நேர்முடிவு என்போம். அடையாளம் தென்படாவிடில் அது எதிர்முடிவு.

எந்தப் பரிசோதனைக்கும் இரு திறன்கள் உண்டு. நோயுள்ளவர்களைத் தவறவிடாமல் கண்டுபிடிக்கும் திறன் ஒன்று. இதனை உணர்திறன் என்பர். நோயில்லாதவர்களை நோயில்லாதவர்கள் என்றே பிரித்துக் காட்டும் திறன் மற்றொன்று. இதனைத் தனித்தறி திறன் என்று கூறலாம். உணர்திறன் நூற்றுக்கு 99.5 என்றால், நோயுள்ள ஆயிரம் பேருள் 995 பேருக்கு நேர்முடிவு வரும். 5 பேர் தவறவிடப்படுவர். தனித்தறி திறனும் நூற்றுக்கு 99.5 என்றால், நோயில்லாத ஆயிரம் பேருள் 995 பேருக்கு எதிர்முடிவு வரும். 5 பேருக்கு மட்டும் நேர்முடிவு தவறாக வரும். இதனைப் பொய் நேர்முடிவு என்போம்.

இவ்விரு திறன்களும், ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்பது முன்னரே தெரிந்த இடத்தில் அளக்கப்படுகின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பரிசோதனைச் சாதனத்தின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எண், ‘நோயுள்ளவர்களுள் எத்தனை பேருக்கு நேர்முடிவு வரும்?’ என்ற கேள்விக்கு விடையாகும். முடிவுச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் கேட்பதோ வேறு கேள்வி: ‘நேர்முடிவு வந்தவர்களுள் எத்தனை பேருக்கு நோய் உண்டு?’

மயில்கள் அனைத்தும் பறவைகளே. ஆனால் பறவைகள் அனைத்தும் மயில்களல்ல. தோப்பில் ஒரு பறவை குரல் கொடுத்தால் அது மயிலாக இருக்குமா என்பது, அத்தோப்பில் மயில்கள் எத்தனை, பிற பறவைகள் எத்தனை என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன இரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாடு இத்தகையதே. முதற் கேள்விக்குரிய விடையை இரண்டாம் கேள்விக்குச் சூட்டிவிடுவதால்தான் நூற்றுக்கு 95 என்ற தவறான விடை பிறக்கிறது.

ஒரு லட்சம் பேரை எண்ணிப் பார்த்தல்

இத்தகைய கணக்குகளைச் சதவிகிதத்தில் போடுவதைவிட, ஆட்களாக எண்ணிப் போடுவதே தெளிவானது. அவ்வாறு எண்ணும்பொழுது மக்கள் மிகுதியாகச் சரியான விடையை அடைகிறார்கள் என்பதைக் கிகரென்ஸர், ஹொஃப்ராகே என்னும் ஜெர்மானிய உளவியலாளர்கள் 1995ஆம் ஆண்டில் காட்டினார்கள். நாமும் அம்முறையையே பின்பற்றுவோம்.

2021ஆம் ஆண்டுக்கான தேசிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களுள் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் நூற்றுக்கு 0.21 ஆவர். கணக்கின் எளிமைக்காக இதனை 0.2 என்று கொள்வோம். அதாவது ஆயிரம் பேருக்கு இருவர். பரிசோதனையின் இரு திறன்களும் நூற்றுக்கு 99.5 என்று வைத்துக்கொள்வோம்.

இப்பொழுது, எவ்வித நோய்க்குறியும் இல்லாத ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்க. அவர்களுள் தொற்றுள்ளவர்கள் 200 பேர். தொற்றில்லாதவர்கள் 99,800 பேர்.

தொற்றுள்ள 200 பேருள் 199 பேருக்கு நேர்முடிவு வருகிறது. ஒருவர் தவறவிடப்படுகிறார்.

தொற்றில்லாத 99,800 பேருள் நூற்றுக்கு அரை வீதம் பொய் நேர்முடிவு வருமாதலால், 499 பேருக்குத் தவறாக நேர்முடிவு கிடைக்கிறது. எஞ்சிய 99,301 பேருக்கு எதிர்முடிவு.

ஆகவே, நேர்முடிவுச் சீட்டுடன் நிற்பவர்கள் மொத்தம் 199ம் 499ம் சேர்ந்து 698 பேர். இவர்களுள் உண்மையில் தொற்றுள்ளவர்கள் 199 பேரே. 199ஐ 698ஆல் வகுத்தால், நூற்றுக்கு 28.5 என்று கிடைக்கிறது. ஆயிரத்துக்கு ஐந்தே பேரிடம் பிழை செய்யும் மிகச் சிறந்த பரிசோதனையில் நேர்முடிவு பெற்ற பத்துப் பேருள் ஏழு பேருக்குத் தொற்று இல்லை!

இவ்விடை வியப்பைத் தருவதற்குக் காரணம், பிழையின் வீதத்தை மட்டும் நாம் பார்ப்பதுதான். அந்த வீதம் எத்தனை பேர்மீது செயற்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அரை சதவிகிதப் பிழை சிறியதுதான். ஆனால் அது 99,800 பேர்மீது செயற்படுகிறது. 99.5 சதவிகித வெற்றி பெரியதுதான். ஆனால் அது 200 பேர்மீதே செயற்படுகிறது. பெரிய கூட்டத்தின் சிறு பகுதி, சிறிய கூட்டத்தின் பெரும் பகுதியை எண்ணிக்கையில் மிஞ்சிவிடுகிறது.

அதே சாதனம், வேறு கூட்டம்

சாதனத்தை மாற்றாமல் கூட்டத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். மேற்கூறிய 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மிஸோரம் மாநிலத்தின் விகிதம் நூற்றுக்கு 2.7 ஆக இருந்தது. அங்கே ஒரு லட்சம் பேரைச் சோதித்தால், தொற்றுள்ள 2,700 பேருள் ஏறத்தாழ 2,686 பேருக்கு நேர்முடிவு வரும். தொற்றில்லாத 97,300 பேருள் 487 பேருக்குப் பொய் நேர்முடிவு வரும். நேர்முடிவு பெற்ற 3,173 பேருள் 2,686 பேர் உண்மையில் தொற்றுள்ளவர்கள். அதாவது நூற்றுக்குச் சுமார் 85.

இனி, நீடித்த காய்ச்சல், எடைக் குறைவு, திரும்பத் திரும்ப வரும் தொற்றுகள் ஆகியவற்றுடன் ஒரு மருத்துவமனைக்கு வருபவர்களை நினைத்துக்கொள்க. அத்தகையோருள் ஐவருக்கு ஒருவர் தொற்றுள்ளவர் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு 19,900 உண்மையான நேர்முடிவுகளும் 400 பொய் நேர்முடிவுகளும் வரும். நேர்முடிவு மெய்யாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 98.

மூன்றிடங்களிலும் சாதனம் ஒன்றே. இரத்தத்தைக் கையாளும் முறையும் ஒன்றே. ஆயினும் ஒரே நேர்முடிவு ஓரிடத்தில் 28.5ஐயும், மற்றோரிடத்தில் 85ஐயும், வேறோரிடத்தில் 98ஐயும் குறிக்கிறது. ஆகையால், ‘இப்பரிசோதனையின் நேர்முடிவை எவ்வளவு நம்பலாம்?’ என்ற கேள்விக்குச் சாதனத்தை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. சோதிக்கப்பட்டவர் எக்கூட்டத்திலிருந்து வந்தவர் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதனை மறந்து சட்டமியற்றிய அனுபவமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், திருமணத்துக்கு அனுமதி கோருவோர் அனைவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்னும் சட்டம் 1988ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு மாதங்களில் சுமார் 70,000 பேர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் தொற்றுள்ளவர்களாகக் காணப்பட்டவர்கள் 8 பேர். நாம் மேலே கொண்ட சாதனம் ஒன்றினால் மட்டும் இவர்களைச் சோதித்திருந்தால், 8 பேரைக் கண்டுபிடிப்பதற்காகத் தொற்றில்லாத 350 பேரிடம் தவறான செய்தி சொல்ல நேர்ந்திருக்கும். நேர்முடிவு மெய்யாகும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவில் நின்றிருக்கும். பரிசோதனையைத் தவிர்க்கப் பலர் அண்டை மாநிலங்களுக்குச் சென்று திருமணம் செய்துகொண்டனர். 1989ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இரண்டாம், மூன்றாம் பரிசோதனைகள்

நேர்முடிவுக்கு இவ்வளவு குறைந்த மதிப்புத்தான் உண்டு என்றால், பரிசோதனையால் பயன் என்ன என்று கேட்கத் தோன்றும். பரிசோதனைக்கு முன், அந்த ஒரு லட்சம் பேருள் எவரை எடுத்தாலும் அவருக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 0.2. நேர்முடிவு வந்தபின் அது 28.5 ஆகிறது. அதாவது வாய்ப்பு 140 மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளது. எனவே முதற் பரிசோதனை வீணன்று. ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டத்தை 698 பேர் கொண்ட கூட்டமாக அது சலித்துக் கொடுத்துவிட்டது. இப்புதிய கூட்டத்தில் அடிப்படை விகிதம் 0.2 அன்று, 28.5 ஆகும். இரண்டாம் பரிசோதனை இக்கூட்டத்தின்மீது நடைபெறுகிறது. இம்முறையின் நுட்பம் இதில்தான் உள்ளது.

வேறொரு சாதனத்தால் 698 பேரையும் மீண்டும் சோதிப்போம். அதன் திறன்களும் முன்போலவே இருக்கட்டும். தொற்றுள்ள 199 பேருள் 198 பேருக்கு மீண்டும் நேர்முடிவு வரும். தொற்றில்லாத 499 பேருள் நூற்றுக்கு அரை வீதம், அதாவது இருவருக்கோ மூவருக்கோ மட்டும் மீண்டும் பொய் நேர்முடிவு வரும். இரண்டிலும் நேர்முடிவு பெற்றவருக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பு இப்பொழுது நூற்றுக்குச் சுமார் 99. மூன்றாவதாக இன்னொரு சாதனத்தாலும் சோதித்தால், மூன்றிலும் பொய் நேர்முடிவு பெறுபவர் 80 லட்சம் பேரைச் சோதித்தால் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறார். தொற்றுள்ளவர்களுள் மூன்றிலும் நேர்முடிவு பெறுபவர்கள் 197 பேர்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் வகுத்த விதிகள் இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டவை. நோய்க்குறி எதுவுமின்றித் தாமாகச் சோதித்துக்கொள்ள வருபவர்களுக்கு மூன்று பரிசோதனைகள். நோய்க்குறிகளுடன் வருபவர்களுக்கு, அடிப்படை விகிதம் முன்னமே உயர்ந்திருப்பதால், இரண்டு பரிசோதனைகள் போதுமெனக் கொள்ளப்பட்டது. முதற் பரிசோதனைக்கு உணர்திறன் மிக்க சாதனம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஏனெனில் அதில் எதிர்முடிவு வந்தவர் மேலும் சோதிக்கப்படுவதில்லை. பின்வரும் பரிசோதனைகளுக்குத் தனித்தறி திறன் மிக்க சாதனங்கள் கொள்ளப்படுகின்றன. பொய்யான நேர்முடிவுகளைக் களைவதே அவற்றின் வேலை. முதலாவதில் மட்டும் நேர்முடிவு வந்து மற்ற இரண்டிலும் எதிர்முடிவு வந்தால், தொற்று இல்லை என்று அறிவிக்கப்படும். இரண்டில் நேர்முடிவும் ஒன்றில் எதிர்முடிவும் வந்தால், முடிவு உறுதியற்றது என்று குறித்து, சில வாரங்கள் கழித்துப் புதிதாக இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள்.

உலக நாடுகளில் தொற்றின் அளவு குறைந்து வருவதையும் சோதிக்கப்படுவோருள் தொற்றுள்ளவர்களின் விகிதம் இறங்கி வருவதையும் கருதி, எல்லா நாடுகளும் மூன்று தொடர் நேர்முடிவுகளுக்குப் பின்னரே தொற்றை உறுதி செய்ய வேண்டும் என உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இங்குச் சாதனங்கள் தரம் குன்றிவிடவில்லை. அடிப்படை விகிதம் இறங்கியது. அதனால் அதே சாதனம் தரும் நேர்முடிவின் மதிப்பும் இறங்கியது. நோய் குறையக் குறைய, உறுதி செய்யும் பொறுப்பு கூடுகிறது.

இக்கணக்கு எங்கே பொய்க்கும்?

மேலே 499 பேர் இரண்டு மூன்று பேராகக் குறைந்ததற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாம் சாதனத்தின் பிழை, முதற் சாதனத்தின் பிழையோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும். பொய் நேர்முடிவு எப்பொழுதும் வெறும் தற்செயலால் வருவதன்று. இப்பரிசோதனைகளிற் பல, வைரஸைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களையே தேடுகின்றன. வேறு தொற்றுகளாலும், உடல் தன்னையே தாக்கும் சில நோய்களாலும், சில வேளைகளில் கருத்தரிப்பினாலும் உண்டான எதிர்ப்பொருள்கள், வடிவ ஒற்றுமையால் சாதனத்திலுள்ள பொருளோடு ஒட்டிக்கொள்ளலாம். அத்தகைய ஒருவரை அதே சாதனத்தால் பத்து முறை சோதித்தாலும் பத்து முறையும் பொய் நேர்முடிவு வரக்கூடும்.

தொற்றில்லாத 499 பேருள் ஐந்தில் ஒரு பங்கினருக்கு இவ்வாறு நிலையான காரணம் ஒன்று இருந்து, இரண்டாம் சாதனமும் அதே வகையினதாக அமைந்துவிட்டது என்று கொள்வோம். அப்பொழுது சுமார் 100 பேர் இரண்டாம் முறையும் பொய் நேர்முடிவு பெறுவர். 198க்கு எதிரே 100 நிற்பதால், இரு நேர்முடிவுகள் வந்தபின்னும் தொற்று இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 66 மட்டுமே. ஆகையால்தான் மூன்று பரிசோதனைகளும் வெவ்வேறு தத்துவத்தையோ வெவ்வேறு மூலப்பொருளையோ கொண்டு அமைய வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. ஒரே சாதனத்தை மும்முறை பயன்படுத்துவது, ஒரே சாட்சியிடம் மூன்று முறை வாக்குமூலம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

மற்றொரு பிழையும் உண்டு. இரத்தக் குழாயின் மீது பெயர் மாற்றி எழுதப்பட்டிருந்தால், மூன்று சாதனங்களும் ஒருமுகமாக உண்மையையே கூறும். ஆனால் அது வேறொருவரைப் பற்றிய உண்மையாக இருக்கும். இதற்குப் புதிதாக இரத்தம் எடுத்துச் சோதிப்பதே மருந்து. ஒருவருடைய நிலைமைக்கும் முடிவுக்கும் சிறிதும் பொருத்தமில்லாதபோது மருத்துவர்கள் மறுபடியும் இரத்தம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்முடிவின் நிலை என்ன? நம் கணக்கில் எதிர்முடிவு பெற்ற 99,302 பேருள் தொற்றுள்ளவர் ஒருவரே. அடிப்படை விகிதம் குறைவாக இருப்பது எதிர்முடிவுக்குப் பெருவலிமை தருகிறது. ஆனால் தொற்று ஏற்பட்டு எதிர்ப்பொருள் தோன்றுவதற்குச் சில வாரங்கள், பொதுவாக 3 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். அவ்விடைக்காலத்தில் வரும் எதிர்முடிவுக்கு இவ்வலிமை இல்லை.

எவருடைய அடிப்படை விகிதம்?

ஒரு மாவட்டத்தின் சராசரி அம்மாவட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் பொருந்தும் என்று எண்ணுவதும் தவறே. இரு பெண்களை எண்ணிப் பார்ப்போம். இருவரும் ஓர் ஊரினர்; ஒரே வயதினர்; ஒரே நாளில் முதற் பரிசோதனை செய்துகொண்டு நேர்முடிவு பெற்றவர்கள். ஒருவர், கருவுற்ற தாய்மார்களுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைக்காக வந்தவர். மற்றவர், தம் கணவருக்குத் தொற்று உறுதி செய்யப்பட்டதனால் வந்தவர். முதலாமவருக்கு 28.5 என்ற கணக்கு ஏறத்தாழப் பொருந்தலாம். இரண்டாமவர் சேர்ந்துள்ள கூட்டத்தின் அடிப்படை விகிதம் பன்மடங்கு உயர்ந்தது. அவருடைய நேர்முடிவு மெய்யாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே, பரிசோதனைக்கு முன் ஆலோசகர் கேட்கும் கேள்விகள் வெறும் சம்பிரதாயமல்ல. எந்த எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

பொய் நேர்முடிவுகள் மிகுதி என்று அறிந்தவர், தமக்கு வந்த நேர்முடிவும் பொய்யாகவே இருக்கும் என்று கருதி அடுத்த பரிசோதனைக்குச் செல்லாமல் இருந்துவிடலாம். இது முன்னதைப் போன்ற பிழையே. திசை மட்டும் வேறு. நூற்றுக்கு 28.5 என்பது அஞ்சி நிலைகுலைவதற்குரிய எண்ணும் அன்று. புறக்கணிப்பதற்குரிய எண்ணும் அன்று. அது இரண்டாம் பரிசோதனைக்குச் செல்வதற்குரிய எண்.

இரத்த வங்கியில் இதே கணக்கு வேறு முடிவைத் தருகிறது. தானமாகக் கிடைத்த இரத்தத்துக்கு ஒரே பரிசோதனைதான். அதில் நேர்முடிவு வந்தால் அந்த இரத்தம் அகற்றப்படும். அது பொய் நேர்முடிவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்தும் இவ்வாறு செய்வது சரியே. பொய் நேர்முடிவால் அங்கே இழப்பது ஒரு புட்டி இரத்தம். ஒரு நேர்முடிவை அலட்சியம் செய்தால் இழப்பது ஒரு நோயாளியின் வாழ்வு. ஆனால் அதே முடிவைத் தானம் அளித்தவரின் நோய் நிர்ணயமாகக் கொள்ளுதல் ஆகாது. இரத்தத்தை அகற்றுவதற்குப் போதுமான சான்று, ஒரு மனிதரைத் தொற்றுள்ளவர் என்று அறிவிப்பதற்குப் போதாது. அதனால்தான் அத்தகைய தானி, ஆலோசனையும் பரிசோதனையும் சேர்ந்து அளிக்கும் மையத்துக்கு அனுப்பப்படுகிறார்.

முதற் பரிசோதனையின் முடிவை எழுதும்பொழுது ‘பாசிட்டிவ்’ என்று எழுதாமல், எதிர்வினை தென்பட்டது என்னும் பொருளில் ‘ரியாக்டிவ்’ என்று எழுதும் வழக்கமும் இக்காரணம் பற்றியதே. முன்னது மனிதரைப் பற்றிய தீர்ப்பு. பின்னது குழாயில் நிகழ்ந்ததைப் பற்றிய குறிப்பு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை 28.5 என்னும் எண் காட்டிவிட்டது. முதற் சீட்டைக் கண்டே ஒருவரை வேலையிலிருந்து நீக்கினாலோ, நிச்சயித்த திருமணத்தை முறித்தாலோ, அந்த நடவடிக்கை பத்தில் ஏழு முறை தொற்றில்லாத ஒருவரையே தாக்கியிருக்கும். மூன்று பரிசோதனைகளாலும் தொற்று உறுதியான பின்னரும், அதனைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்குவதற்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தகைய பாகுபாட்டைத் தடை செய்கிறது. பரிசோதனைக்கு, விவரம் அறிந்து அளிக்கும் சம்மதத்தையும் அது கட்டாயமாக்கியுள்ளது.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி

வேறெந்தப் பரிசோதனையின் முடிவையும் இம்முறையிலேயே மதிப்பிடலாம். வேண்டுவன மூன்று எண்களே: அடிப்படை விகிதம், உணர்திறன், தனித்தறி திறன். முதலில் கூட்டத்தை நோயுள்ளவர், நோயில்லாதவர் என இரண்டாகப் பிரிக்க. பிறகு ஒவ்வொரு பிரிவிலும் நேர்முடிவு பெறுபவர்களை எண்ணுக. இறுதியாக, நோயுள்ளவர்களின் நேர்முடிவுகளை மொத்த நேர்முடிவுகளால் வகுக்க.

10,000 பேர் கொண்ட கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு ஒரு நோய் உள்ளது. பரிசோதனையின் உணர்திறன் நூற்றுக்கு 90. தனித்தறி திறன் நூற்றுக்கு 95. நேர்முடிவு பெற்ற ஒருவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு யாது? கீழேயுள்ள விடையைப் பார்க்குமுன், உத்தேசமாகத் தோன்றும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு கணக்கைச் செய்து பார்க்க.

விடை: நோயுள்ள 100 பேருள் 90 பேருக்கும், நோயில்லாத 9,900 பேருள் 495 பேருக்கும் நேர்முடிவு வரும். மொத்தம் 585. இவற்றுள் மெய்யானவை 90. ஆகவே வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 15. தாளில் குறித்த எண் இதனினும் மிகப் பெரிதாக இருக்குமானால், வாசகர் ஹார்வர்டு மருத்துவர்கள் பலருக்கு நேர்ந்த பிழையையே செய்திருக்கிறார். ‘இந்நோய் இக்கூட்டத்தில் எவ்வளவு?’ என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்பவருக்கு அப்பிழை மீண்டும் நேராது.